அடிப்பிடித்த பாலும் மானேஜர் மூக்கும்

என் சமையலைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எண்ணெய் அதிகம் என்றால் ஒப்புக்கொள்வேன். நேரமாகிவிட்டது என்றால் மன்னிப்புக் கேட்பேன். ஆனால் "சப்புன்னு இருக்கு" என்று சொன்னால் மட்டும் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். இருபது வருஷமாகக் கரண்டி பிடிக்கிற கை இது. ஒரு பெரிய ஹாஸ்டலில் நான் வேலையை விட்டபோது பிள்ளைகள் வாசலில் நின்று அழுதார்கள்.

அப்படிப்பட்ட நான், காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறைக்கு வேலைக்கு வந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று பேச்சு. வந்த முதல் வாரமே மேல்மாடி வார்டிலிருந்து புகார் இறங்கியது. சாப்பாட்டில் ருசியே இல்லையாம். மேல்மாடி என்றால் மூக்கில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் படுத்திருக்கும் வார்டு. இரண்டாவது வாரமும் அதே பாட்டு.

புகாரைச் சுமந்துகொண்டு வருகிறவர் மானேஜர். எப்போதும் வாய் லேசாகத் திறந்தே இருக்கும் மனிதர், ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவர் போல. தினமும் மத்தியானம் சமையலறை மூலையில் இருக்கிற மேஜையில் வந்து உட்காருவார். நான் வைக்கிற தட்டில் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துப் போட்டு, மெதுவாக மென்று, கூரையைப் பார்ப்பார்.

"சப்புன்னு இருக்கும்மா."

அவ்வளவுதான். இதனால் அவருக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் 'சப்பு சார்' என்றே பெயர். எனக்கு முன்னால் இருந்த இரண்டு சமையல்காரர்களையும் இந்த ஒரே வார்த்தையால் அனுப்பி வைத்தவர் என்று வந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

"மூணு மாசமெல்லாம் காத்திருக்க முடியாது, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். வார்டும் அதையே சொல்லுது, என் நாக்கும் அதையே சொல்லுது. அப்புறம் நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார் ஒரு நாள். குரலில் கோபம்கூட இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் போய்ப் புலம்பினேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். நான் சமைத்ததைச் சாப்பிட்டுச் சாப்பிட்டே சட்டைப் பொத்தான் மூட முடியாமல் ஆனவர்.

"அந்த ஆளு மச்சான் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவனாம். விசாரிச்சுட்டேன்" என்றேன்.

"அப்ப அதான் விஷயம். உன்னைக் கிளப்பிட்டு மச்சானைக் கொண்டு வரப் பாக்கிறான்" என்றார் அவர், தட்டை வழித்துக்கொண்டே. "நீ விடாதே. இந்த மாதிரி வேலை வீட்டுப் பக்கத்துல இன்னொண்ணு கிடைக்காது."

கிடைக்காதுதான். நடந்து போகிற தூரம், நல்ல சம்பளம், சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு. இந்த வேலை எனக்கு வேண்டும். மறுநாளே வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பூண்டை நெய்யில் பொன்னிறமாக வதக்கினேன். பருப்பு சூப்பில் சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போட்டேன். பாலில் ஏலக்காய், கஸ்டர்டில் பட்டை, சாதத்தில் கொத்தமல்லித் தழை. வாசனை மாடிப்படி ஏறி ரிசப்ஷன் வரைக்கும் போனது. மருந்து வாங்க வந்தவர்கள்கூட "எங்கே சமைக்கிறாங்க?" என்று எட்டிப் பார்த்தார்கள். டாக்டர்கள் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். மேல்மாடியிலிருந்து மட்டும் தட்டுகள் பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தன.

மூலை மேஜையில் மானேஜர் மென்றார். கூரையைப் பார்த்தார். "சப்புன்னு இருக்கும்மா."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே மேல்மாடிக்கு ஏறினேன். கரண்டியை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. முதல் கட்டிலில் ஒரு வாத்தியார், முந்தின நாள் ஆபரேஷன் முடிந்தவர். இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்து, அது விழாமல் மீசைக்கு மேலே ஒரு பிளாஸ்திரி. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூப்புல என்ன குறை, சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றார் அடைத்த குரலில். "வெதுவெதுப்பா இருக்கு. கொஞ்சம் உப்பு தெரியுது. கொழகொழன்னு இருக்கு. வேற ஒண்ணும் தெரியலை."

"சீரகம்? பூண்டு? நெய்?"

"அதெல்லாம் போட்டிருக்கீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரரும் தலையை ஆட்டினார். அவர் மூக்கிலும் அடைப்பு. அதற்கடுத்த கட்டிலிலும் அடைப்பு. வரிசையாக எல்லா மூக்கும் அடைத்து, எல்லா வாயும் திறந்து, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. வார்டு சிஸ்டர்தான் சிரித்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். சின்னப் பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, மூக்கைப் பிடிச்சுக்கோங்க. கண்ணையும் மூடுங்க. விடச் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

குழந்தைகளுக்கு ஊசி போட்ட பிறகு கொடுக்கிற மிட்டாய் ஒன்றை வாயில் போட்டாள். சப்பினேன்.

"என்ன மிட்டாய்?"

"இனிக்குது. கொஞ்சம் புளிக்குது."

"எந்தப் பழம்?"

யோசித்தேன். எனக்கா தெரியாது? ஆனால் தெரியவில்லை. சர்க்கரையும் புளிப்பும் மட்டும் நாக்கில் உட்கார்ந்திருந்தன. யாரோ கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"இப்ப மூக்கை விடுங்க."

விட்டேன். வாய் நிறைய ஆரஞ்சு. வெளியிலிருந்து முகர்ந்த வாசனை இல்லை, உள்ளுக்குள்ளிருந்தே கிளம்பி வந்த ஆரஞ்சு. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாக்குக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான் அக்கா" என்றாள் சிஸ்டர். "இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் நல்ல சூப்புல வருமே, ஒரு நிறைவான ருசி. அவ்வளவுதான். காரம்கூட ருசி இல்லை, எரிச்சல். மத்ததெல்லாம் மூக்கோட வேலை. மூக்குக்குள்ள ரொம்ப மேலே, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல வர்ற உயரத்துல, ஸ்டாம்ப் அகலத்துக்கு ஒரு மெல்லிசான ஜவ்வு இருக்கு. வாசனையைப் பிடிக்கிறது அதுதான். நாம மெல்லும்போது வாசனை வாய்க்குப் பின்பக்கமாத் தொண்டை வழியா ஏறி அங்கே போகுது. முழுங்கினதும் மூச்சு வெளியே வருதுல்ல, அதுதான் ஏத்திவிடும். மூக்கை அடைச்சுட்டா காத்து நகராது. காத்து நகரலைன்னா மேலே ஒண்ணும் போய்ச் சேராது."

"அப்ப இவங்களுக்கு நான் என்னத்தைப் போட்டாலும்..."

"உப்புக் கஞ்சிதான். அடைப்பை எடுத்ததும் வீட்டுக்குப் போயிடறாங்க. நம்ம சாப்பாட்டை மூக்கோட சாப்பிட்ட ஆளே இந்த வார்டுல இல்லை."

இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு நெய் மிச்சமாகியிருக்கும்! கீழே வந்ததும் சீரகத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்று பார்த்தேன். மரத்தூள். பட்டையும் சர்க்கரையும் கலந்து போட்டேன். வெறும் சர்க்கரை. மூக்கை விட்டேன், பட்டை வந்து நின்றது. அன்று முழுக்கச் சமையலறையில் இருந்த அத்தனை டப்பாவையும் திறந்து இதே வேலைதான்.

மறுநாளிலிருந்து மேல்மாடிக்குத் தனிச் சமையல். மூக்குக்கு இல்லை, நாக்குக்கும் பல்லுக்கும். சூப்பில் எலுமிச்சையைப் பிழிந்தேன். தக்காளியை நன்றாகச் சுண்டவைத்தேன். பக்கத்தில் மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டித் துண்டு. குளிர்ந்த தயிரில் மாதுளை முத்தும் பொடியாக நறுக்கிய வெள்ளரியும். சூடாகவும் காரமாகவும் கொடுக்கக் கூடாது, ரத்தம் கசியும் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் அதையும் பார்த்துக்கொண்டேன். தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. வாத்தியார் போகும்போது கீழே இறங்கி வந்து, "அந்த ரொட்டி கடிபடற சத்தத்துக்கே சாப்பிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டுப் புகார் நின்றது. இனி என்ன, நிரந்தரம்தான் என்று நினைத்தேன். மூலை மேஜையில் மானேஜருக்கு டாக்டர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டையே வைத்தேன். மென்றார். கூரையைப் பார்த்தார்.

"வார்டுல பரவாயில்லைன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ சப்புன்னுதான் இருக்கு."

வார்டுக்காரர்கள் மூக்கில் பஞ்சு. இந்த மனிதர் மூக்கில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை! ஆக, வேண்டுமென்றேதான் சொல்கிறார். என் வீட்டுக்காரர் சொன்னது சரி. மச்சான்தான் காரணம். மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி தூக்கத்தில்கூட நான் அந்த மச்சானோடு சண்டை போட்டேன், முகம் தெரியாத மச்சானோடு.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் பால் அடிப்பிடித்தது. என் இருபது வருஷத்தில் நடக்காதது. வாசலில் காய்கறி இறக்குகிறவனிடம் அழுகல் தக்காளிக்காக வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்தால் பாத்திரத்தின் அடி கருகி, சமையலறை முழுக்கக் குடலைப் பிடுங்குகிற நாற்றம். கண்ணாடி ஜன்னலைத் திறந்தேன். மேல்மாடியிலிருந்து சிஸ்டர் ஓடி வந்து வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தேற்ற முடியுமா என்று பார்க்க, மேலாக இருந்த பாலை ஒரு டம்ளரில் ஊற்றிச் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். வாய்க்குக் கொண்டு போகவே முடியவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து மானேஜர் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். தனக்கு வைத்தது என்று நினைத்து டம்ளரை எடுத்தார். நான் "ஐயோ, சார்" என்பதற்குள் ஒரே மூச்சில் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"இது நல்லா இருக்கும்மா. இன்னைக்குத்தான் ஒரு விஷயம் வாயில ஒட்டுது. தினமும் இப்படியே கொடுங்களேன்."

நான் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் சப்பு, கருகிய பால் அமிர்தமா? இதற்கு மேல் ஒரு மனுஷியை எப்படிக் கேவலப்படுத்த முடியும்? ஏப்ரனை அவிழ்த்து மேஜையில் வீசினேன்.

"வேண்டாம்னா நேரா வேண்டாம்னு சொல்லுங்க சார்! இப்படிக் குத்திக் காட்ட வேண்டாம். உங்க மச்சானையே கூட்டிட்டு வந்து வச்சுக்கோங்க, நான் போறேன்!"

மானேஜர் திருதிருவென்று விழித்தார். "மச்சானா? அவன் எதுக்கு? அவன் சமைச்சதை நாய்கூடத் தின்னாதே. நான் நல்லா இருக்குன்னுதானேம்மா சொன்னேன்?"

வாசலில் நின்ற சிஸ்டர் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். மெதுவாக உள்ளே வந்தாள்.

"சார், இங்கே இப்ப ஏதாவது வாசனை வருதா உங்களுக்கு?"

"என்ன வாசனை?"

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நடந்து போனவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள். சிஸ்டர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

"எந்தப் பழம் சார்?"

நெடுநேரம் சப்பினார். "இனிப்பா இருக்கு. புளிப்பா இருக்கு. மிட்டாய்க்கு என்னம்மா பழம், எல்லா மிட்டாயும் இப்படித்தானே?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பெரிய டாக்டரம்மா அறைக்கு அவரை இருவரும் சேர்ந்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனோம். அந்த அம்மாவும் அவரும் தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காரியம் பேசுகிறவர்கள். டாக்டரம்மா மெல்லிய குழாய் கேமராவை மானேஜர் மூக்கினுள் விட்டார். எதிரே இருந்த திரையில் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே போகிற வழியெங்கும் உரித்த திராட்சை மாதிரி வழுவழுவென்று சதைக் குமிழ்கள். இரண்டு பக்கமும்.

"தினமும் என் எதிர்ல உக்காந்து வாயால மூச்சு விட்டிருக்கீங்க. நானும் பாத்துட்டே இருந்திருக்கேன்" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மூக்கு டாக்டர்னு வாசல்ல போர்டு வேற."

"தூசி ஒத்துக்காதுன்னு நினைச்சேன் டாக்டர். கடையில வாங்கி ஸ்ப்ரே அடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க அடிச்சது கீழேயே நின்னிருக்கும். வாசனை பிடிக்கிற இடம் கூரையில இருக்கு. நல்லவேளை, அந்த ஜவ்வு கெட்டுப் போயிருக்காதுன்னு நினைக்கிறேன். வழிதான் அடைச்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா அடைச்சதால உங்களுக்கே தெரியாமப் போச்சு. முதல்ல கொஞ்ச நாள் மாத்திரை, வீக்கம் வத்தட்டும். அப்புறம் சொட்டு மருந்து. கட்டில்ல மல்லாந்து படுத்து, தலையை விளிம்புக்கு வெளியே பின்னால தொங்க விட்டுக்கணும். அப்பதான் மருந்து மேலே போய்ச் சேரும். சரியா வரலைன்னா ஆபரேஷன்."

வெளியே வந்ததும் மானேஜர் சுவரில் சாய்ந்துகொண்டார். "முன்னாடி இருந்த ரெண்டு பேரையும் அனுப்பிட்டேனே" என்றார். பிறகு, "என் வீட்டுக்காரி சமைக்கிறதையே விட்டுட்டா. எதைப் போட்டாலும் குறை சொல்றீங்கன்னு. இப்ப ஹோட்டல்லதான் வாங்குறோம்" என்றார். எனக்கு அந்த முகம் தெரியாத பெண்மணி மேல் அப்படியொரு பாசம் பொங்கியது.

"சரி சார், என் வேலை?" என்றேன். பாசம் வேறு, வேலை வேறு.

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர் என்று அப்போதுதான் பார்த்தேன். "இப்ப என்னால நல்லாருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. மூக்கு திறக்கட்டும். சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

ஆக என் பிழைப்பு ஒரு மூக்கில் வந்து தொங்கியது. அந்த மூக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். சாப்பாடு முடிந்ததும் அவர் அறைக்கே போய் நின்றேன். அங்கே கட்டில் கிடையாது. மானேஜர் தம் மேஜையிலிருந்த சாமான்களை ஒதுக்கிவிட்டு அதன் மேல் மல்லாந்து படுத்து, தலையைப் பின்னால் தொங்க விட்டுக்கொள்வார். சிஸ்டர் சொட்டு விடுவாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எந்திரிக்கக் கூடாது சார், இன்னும் நேரம் இருக்கு" என்று அதட்டுவேன். கையெழுத்து வாங்க வந்தவர்கள் கதவைத் திறந்து, தலைகீழாகத் தொங்குகிற மானேஜரைப் பார்த்து, சத்தம் போடாமல் மூடிக்கொண்டு போனார்கள்.

மூக்கு திறந்த பிறகும் அந்த ஆள் "சப்புன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டால்? அப்புறம் சாக்குச் சொல்லப் பஞ்சும் கிடையாது, திராட்சையும் கிடையாது. சமையல்தான் சரியில்லை என்று ஆகிவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால், "சேச்சே" என்றார். அவர் சொல்வதில் என்ன மதிப்பு? நான் கல்லை வேகவைத்துப் போட்டாலும் சாப்பிடுகிறவர்.

அடுத்த மாதக் கடைசியும் வந்தது. அன்று எல்லாவற்றையும் இழைத்து இழைத்துச் சமைத்தேன். பருப்பு சூப்பு, பூண்டு வதக்கல், மேலே தழை. மானேஜரைக் காணோம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். மாடிப்படி வரை போய் எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் வந்தாள், ஒரு டம்ளர் பால் ஊற்றிக் குடித்தாள், "இதோ வந்துட்டு இருக்கார் அக்கா" என்றாள்.

மானேஜர் வந்தார். வாசற்படியில் காலை வைத்தவர் அப்படியே நின்றார். வாய் மூடியிருந்தது. மூக்கு விடைத்தது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, அடுப்பைப் பார்த்தார்.

"பால் அடிப்பிடிச்சிருக்கு."

"இல்லையே சார்" என்றேன். சிஸ்டர் தன் டம்ளரை முகர்ந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்றாள். கரண்டியை விட்டுப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினேன். நகக்கண் அளவுக்கு ஒரு பழுப்புப் படலம் கரண்டியோடு வந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. சிஸ்டர் கையைத் தட்டிக் குதித்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மானேஜருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு வேண்டியிருக்கு? பாலை அடுப்புல வச்சுட்டு கவனம் எங்கேம்மா போச்சு? நோயாளிகளுக்குக் கொடுக்கிறது இது! கொட்டிட்டு வேற காய்ச்சுங்க" என்று சத்தம் போட்டார். பிறகு இன்னொரு முறை மூக்கை உறிஞ்சினார். குரல் தாழ்ந்தது. "அந்தப் பக்கம் என்ன அது, பூண்டா?"

"பூண்டுதான் சார். நெய்யில வதக்கினது."

"சீரகம்?"

"வறுத்துப் பொடிச்சது."

மூலை மேஜையில் உட்கார்ந்தார். மென்றார். கூரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கிவிட்டு மூச்சை மெதுவாக மூக்கு வழியாக விட்டார். மறுபடி ஒரு வாய். மறுபடி ஒரு வாய். தட்டு காலியாகிற வரை நிமிரவேயில்லை. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு டப்பாவுல கொஞ்சம் போட்டுக் கொடுங்க. வீட்டுல அவளுக்கு" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். எழுந்து வாசல் வரை போனார். திரும்பி நின்று விரலை ஆட்டினார்.

"நாளைக்கு மட்டும் பால் அடிப்பிடிக்கட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

நாளைக்கு என்றார். நான் புதுப் பாலை அடுப்பில் ஏற்றினேன். பொங்கி அடங்குகிற வரை அந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை.